பையை இருபுறமும் நெருக்கும் பலகோணங்கள்

பள்ளிக்கூடத்தில் பையின் மதிப்பு 22/7 என்று எழுதிப் பழகியிருக்கிறோம். 22-ஐ 7-ஆல் வகுத்துப் பார்த்தால் 3.142857 வருகிறது. உண்மையான பை 3.141592 என்று தொடங்கி முடிவில்லாமல் நீள்கிறது. ஆகவே 22/7 பையைவிடச் சற்றுப் பெரியது. அந்த அதிகப்படி தவறுதலாக ஒட்டிக்கொண்டதும் அல்ல. ஏறத்தாழ 2,250 ஆண்டுகளுக்கு முன் சிராக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், பை இந்த எல்லையைத் தாண்டாது என்று நிறுவியபோது கிடைத்த பின்னம் அது. கூடவே கீழ் எல்லை ஒன்றையும் அவர் நிறுவினார்: 223/71, அதாவது 3.140845. பை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். நம் பாடப்புத்தகங்கள் மேல் எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டு கீழ் எல்லையை விட்டுவிட்டன. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஓர் எண்ணை இரண்டு பக்கமும் அடைத்து வைப்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது.

ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க விட்டம் 1 என்று வைத்துக்கொண்டால், வட்டத்தின் சுற்றளவே பை ஆகிவிடும். அதற்குள் ஓர் ஒழுங்கு அறுங்கோணம் வரைகிறோம். ஆறு முனைகளும் வட்டத்தின் மேல் இருக்கின்றன. மையத்திலிருந்து முனைகளுக்குக் கோடு இழுத்தால் ஆறு சமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஆகவே அறுங்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் ஆரத்துக்குச் சமம், அதாவது அரை. ஆறு பக்கமும் சேர்ந்தால் 3. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடுதான் மிகக் குறுகிய வழி. வட்டத்தின் வில் வளைந்து செல்வதால் அதைவிட நீளம். எனவே பை 3-ஐவிடப் பெரியது. இவ்வளவு சின்னக் கணக்கில் ஓர் எல்லை கைக்கு வந்துவிட்டது.

வெளியே வரையும் பலகோணத்துக்கு இந்த வாதம் போதாது. வட்டத்தைத் தொட்டுக்கொண்டு சுற்றி நிற்கும் அறுங்கோணம் வட்டத்தைவிட நீளமானது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒன்றைச் சூழ்ந்திருப்பதாலேயே ஓர் உருவத்தின் சுற்றளவு அதிகமாகிவிடாது. வளைந்து நெளிந்த கோடு, தன்னைச் சூழ்ந்த எளிய கோட்டைவிட நீளமாக இருக்கலாம். ஆகவே பரப்பளவின் வழியாக வருவோம். வெளிப் பலகோணத்தை மையத்திலிருந்து முக்கோணங்களாக வெட்டினால், எல்லா முக்கோணங்களுக்கும் உயரம் ஆரமே. எனவே அதன் பரப்பு ஆரத்தில் பாதியைச் சுற்றளவால் பெருக்கினால் வரும். வட்டத்தின் பரப்பும் அதேபோல ஆரத்தில் பாதி பெருக்கல் வட்டத்தின் சுற்றளவுதான். வட்டம் பலகோணத்துக்குள் அடங்கியிருப்பதால் பலகோணத்தின் பரப்பு பெரிது. ஆகவே அதன் சுற்றளவும் பெரிது.

இனி முக்கோணவியல். பலகோணத்துக்கு n பக்கங்கள் என்றால் ஒவ்வொரு பக்கமும் மையத்தில் 360°/n கோணத்தைத் தாங்கும். அதைப் பாதியாக வெட்டினால் 180°/n கோணமுள்ள செங்கோண முக்கோணம் கிடைக்கும். உள்ளே வரைந்த பலகோணத்தில் ஆரமே கர்ணம். கர்ணத்தின் நீளம் அரை என்பதால் எதிர்ப்பக்கம் அரை மடங்கு சைன். முழுப் பக்கம் sin(180°/n). வெளிப் பலகோணத்தில் ஆரம் கர்ணம் அல்ல, அடுத்துள்ள பக்கம். அதனால் அங்கே முழுப் பக்கம் tan(180°/n). ஆக மொத்தம்:

n × sin(180°/n) < π < n × tan(180°/n)

இந்த இடத்தில்தான் பலரும் ஒரு குழியில் விழுகிறார்கள். கால்குலேட்டரை எடுத்து, n-க்குப் பத்து லட்சம் என்று போட்டு, சைன் பொத்தானை அழுத்திப் பெருக்கினால் 3.14159265 என்று அழகாக வருகிறது. பையைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ச்சி. உண்மையில் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. டிகிரியில் கொடுத்த கோணத்துக்குச் சைன் காண, கால்குலேட்டர் முதலில் அதை ரேடியனாக மாற்றுகிறது. அதாவது π/180-ஆல் பெருக்குகிறது. அந்தப் பையை அதைச் செய்தவர்கள் ஏற்கெனவே உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். கோணம் மிகச் சிறியதாக இருக்கும்போது சைனின் மதிப்பு அந்த ரேடியன் அளவுக்கே ஏறக்குறையச் சமம். ஆகவே நாம் n-ஆல் வகுத்து, π/180-ஆல் பெருக்கி, 180-ஆல் பெருக்கி, மறுபடி n-ஆல் பெருக்கியிருக்கிறோம். உள்ளே இருந்த பை அப்படியே வெளியே வந்திருக்கிறது. சூத்திரம் சரி, அதைப் பயன்படுத்திய விதம்தான் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது.

பையை முன்கூட்டியே அறியாமல் சைனைக் காண வேண்டுமானால், பை இல்லாமலே மதிப்பு தெரிந்த கோணத்திலிருந்து தொடங்க வேண்டும். அறுங்கோணம் அதைத் தருகிறது: 30 டிகிரியின் சைன் சரியாக அரை, டேன்ஜென்ட் 1/√3. அங்கிருந்து கோணத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகலாம், 15, 7.5, 3.75, 1.875. பக்கங்கள் 12, 24, 48, 96 என்று இரட்டிக்கும். அரைக்கோணச் சூத்திரங்களைச் சுற்றளவின் மொழியில் எழுதினால் மிக எளிய ஒரு விதி கிடைக்கிறது. உள்சுற்றளவை a என்றும் வெளிச்சுற்றளவை b என்றும் வைத்துக்கொள்வோம். பக்கங்களை இரட்டித்த பிறகு வருபவை:

புதிய b = 2ab / (a + b)
புதிய a = √(a × புதிய b)

இதற்குள் இருப்பவை பத்தாம் வகுப்புக்குச் சற்று மேலான இரண்டு உண்மைகள்தான். tan(x/2) என்பது sin x, tan x இரண்டின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுத்தது. sin x-ஐ tan(x/2)-ஆல் பெருக்கினால் sin(x/2)-இன் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு வரும். காகிதத்தில் இவற்றைச் சரிபார்த்துவிட்டால் மேலுள்ள விதி தானாக வந்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். அறுங்கோணத்தில் a = 3, b = 2√3 = 3.4641016. பன்னிரண்டு பக்கத்துக்கு, 3-ஐயும் 3.4641016-ஐயும் பெருக்கி இரட்டித்தால் 20.7846096. அதை இரண்டின் கூட்டலான 6.4641016-ஆல் வகுத்தால் புதிய b 3.2153903. அதை 3-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் புதிய a 3.1058285. அடுத்த சுற்றில், 24 பக்கத்துக்கு, 3.1326286-உம் 3.1596599-உம். 48 பக்கத்துக்கு 3.13935-உம் 3.14609-உம். 96 பக்கத்துக்கு 3.14103-உம் 3.14271-உம். சுவர்கள் இரண்டும் நெருங்கி வருவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் இடைவெளி ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிறது. ஐந்து முறை இரட்டித்தால் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கும். அதாவது மூன்று தசம இலக்கம் கூடும்.

ஆர்க்கிமிடீஸ் நின்றது 96 பக்கத்தில். அவரிடம் சைன் அட்டவணையும் இல்லை, தசம எண்களும் இல்லை. கோண இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தை எந்த விகிதத்தில் பிரிக்கும் என்ற யூக்ளிடின் தேற்றத்தைக் கொண்டே நாம் மேலே செய்ததைச் செய்தார். வர்க்கமூலங்கள் எல்லாம் பின்னங்கள். அந்தப் பின்னங்களை அவர் கையாண்ட விதத்தில்தான் அவருடைய நேர்மை தெரிகிறது. √3-க்கு அவர் இரண்டு மதிப்புகளை வைத்துக்கொண்டார்: 265/153 அதைவிடச் சிறியது, 1351/780 அதைவிடப் பெரியது. வெளிப் பலகோணத்துக்குச் சிறியதைப் பயன்படுத்தினார். 1/√3 என்பதில் √3-ஐக் குறைத்துச் சொன்னால் சுற்றளவு கூடித்தான் வரும். மேல் எல்லை இன்னும் மேலே போகுமே தவிர உடையாது. உள் பலகோணத்துக்குப் பெரியதைப் பயன்படுத்தினார். கீழ் எல்லை இன்னும் கீழே போகும். வழியில் எடுத்த ஒவ்வொரு வர்க்கமூலத்தையும் இப்படியே பாதுகாப்பான திசையில் முழுமையாக்கினார். கடைசியில் வெளிச் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 14688-க்கு 4673½ என்று வந்தது. அதுவும் 22/7-ஐவிடக் குறைவு என்பதால், நினைவில் நிற்கக்கூடிய 22/7-ஐ எல்லையாகச் சொன்னார். உண்மையான 96 பக்க எல்லையான 3.14271-உடன் ஒப்பிட்டால் 22/7 சற்றுத் தளர்வானதுதான். ஆனால் அது பொய்யாக வழியே இல்லை.

இப்போது, கணக்கு கெட்டுப்போகும் இடத்துக்கு வருவோம். பல புத்தகங்களில் இன்னொரு சூத்திரம் இருக்கும். ஆரம் 1 என்று கொண்டு, உள்பலகோணத்தின் பக்கத்தின் வர்க்கத்தை t என்று வைத்தால், இரட்டித்த பிறகு வரும் வர்க்கம்

புதிய t = 2 − √(4 − t)

அறுங்கோணத்துக்கு t = 1. கடைசியில் t-இன் வர்க்கமூலத்தைப் பக்க எண்ணிக்கையில் பாதியால் பெருக்கினால் பைக்கு மதிப்பு கிடைக்கும். பித்தாகரஸ் தேற்றத்தை இரண்டு முறை போட்டால் வந்துவிடும் சூத்திரம். ஒரு பிழையும் கிடையாது. ஒவ்வொரு படியிலும் எட்டுத் தசம இடம் வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்த்தால் நடப்பது இது. 96 பக்கத்தில் 3.14103. 192-இல் 3.14145. 384-இல் 3.14153. நன்றாகத்தான் போகிறது. 768-இலும் அதே 3.14153, நகரவில்லை. 1,536 பக்கத்தில் 3.14130. அடுத்து 3.14036. அதற்குப் பிறகு கணக்கு பித்துப் பிடித்ததுபோல் ஆடத் தொடங்குகிறது: 3.148, 3.133, 3.251, 3.476, 4.915. கடைசியாக 1,96,608 பக்கத்தில் பூஜ்யம். பை பூஜ்யம் என்கிறது கணக்கு.

காரணம் அந்தக் கழித்தல்தான். பக்கங்கள் கூடக்கூட t மிகச் சிறியதாகிறது. √(4 − t) என்பது 2-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. 3,072 பக்கத்தில் அது 1.99999582. இதை 2-இலிருந்து கழித்தால் 0.00000418. எட்டு இலக்கத்தில் ஐந்து பூஜ்யமாகி, உருப்படியாக மூன்றே இலக்கம் மிஞ்சுகிறது. ஓர் எலுமிச்சம்பழத்தின் எடையை அறிய, அதை லாரியில் வைத்து லாரியோடு எடை போட்டு, பிறகு வெறும் லாரியின் எடையைக் கழிப்பது போன்ற வேலை இது. மிஞ்சிய அந்தச் சொற்ப இலக்கத்தைப் பிறகு ஆயிரக்கணக்கால் பெருக்குகிறோம். பிழையும் சேர்ந்து பெருகுகிறது. கணினியில் பதினாறு இலக்கம் வைத்துக்கொண்டாலும் இதே கதைதான். சற்றுத் தாமதமாக நடக்கும், அவ்வளவே.

இதை எப்படிக் கண்டுகொள்வது? பை தெரியாதவருக்கும் அடையாளம் உண்டு. உள்பலகோணத்தின் பக்கங்களை இரட்டிக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் இடத்திலும் இரண்டு பக்கங்கள் வருகின்றன. முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரியது. ஆகவே உள்சுற்றளவு ஒருபோதும் குறையக் கூடாது. 768-இல் நின்று, 1,536-இல் ஒரு துளி இறங்கியதே, அந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட வேண்டும். வெளிச்சுற்றளவையும் கூடவே போட்டு வந்தால் இன்னும் நல்லது. அது ஏறினாலோ, உள்சுற்றளவு அதைத் தாண்டினாலோ அபாயமணிதான். ஒரு பக்க எல்லையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவருக்கு இந்தக் காவல் பாதியாகிவிடுகிறது.

முன்பு சொன்ன a, b விதியில் கழித்தலே கிடையாது என்பதைக் கவனியுங்கள். பெருக்கலும் கூட்டலும் வகுத்தலும் வர்க்கமூலமும்தான். எண்களும் சுருங்காமல் 3-க்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எத்தனை முறை இரட்டித்தாலும் கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு ஆடுமே தவிர, கணக்கு சரியாது. இரண்டு விதிகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. ஆனால் கணக்குப் போடுபவருக்கு அவை ஒன்றல்ல.

கையால் கணக்கிட்ட பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சமர்கண்டில் 1424-இல் அல்-காஷி 80,53,06,368 பக்கங்கள் வரை சென்று பையைப் பதினாறு தசம இலக்கம் சரியாகத் தந்தார். அவர் பக்கத்தின் நீளத்தைப் படிப்படியாகக் கணக்கிடவில்லை. அந்தப் பக்கத்தோடும் விட்டத்தோடும் செங்கோண முக்கோணம் அமைக்கும் மற்ற நாணைக் கணக்கிட்டார். நம் குறியீட்டில் அது q என்றால், அடுத்த q என்பது √(2 + q). கழித்தல் போய்க் கூட்டல் வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒருமுறைதான் கழிக்க வேண்டும். அந்த ஒன்றிலும் ஏறக்குறைய பாதி இலக்கங்கள் பறிபோகும். அதையும் அவர் கணக்கில் கொண்டிருந்தார்: 60-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில் பதினெட்டு இடங்கள் வரை உழைத்து, விடையை ஒன்பது இடங்களுக்குத் தந்தார். பிரபஞ்சத்தின் அளவுள்ள ஒரு வட்டத்திலும் பிழை ஒரு குதிரை மயிரின் அகலத்தைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்து, அதற்கு எத்தனை பக்கம் வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகே வேலையைத் தொடங்கியவர் அவர்.

லைடன் நகரில் லுடால்ஃப் வான் கூலன் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். 1596-இல் இருபது இலக்கம் வெளியிட்டார். 1610-இல் இறப்பதற்குள் முப்பத்தைந்து இலக்கத்தை எட்டியிருந்தார். அந்த எண்கள் அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டன. 2-ஐ 62 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கையுள்ள பக்கங்கள் வரை அவர் செல்ல வேண்டியிருந்தது. அவருடைய மாணவர் ஸ்நெல், ஒளி விலகல் விதியில் நாம் படிக்கும் அதே ஸ்நெல், ஏறக்குறைய அதே இலக்கங்களை 2-இன் 30-ஆம் அடுக்குப் பக்கங்களிலேயே பெற்றுவிட்டார்.

அவர் கண்ட வழி இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. 96 பக்கத்தின் இரண்டு எல்லைகளையும் மறுபடி பாருங்கள். உள்சுற்றளவு பையைவிட 0.00056 குறைவு, வெளிச்சுற்றளவு 0.00112 அதிகம். வெளிப்பிழை உள்பிழையைப் போல் இரு மடங்கு. 48 பக்கத்திலும் அப்படித்தான், 24-இலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே பை இரண்டு சுவருக்கும் நட்டநடுவில் இல்லை; உள்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. வெறும் சராசரி எடுத்தால் 96 பக்கத்துக்கு 3.14187 வருகிறது. உள்சுற்றளவை இரண்டு முறையும் வெளிச்சுற்றளவை ஒரு முறையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 3.1415928. ஆறு தசம இலக்கம் சரி! புதிதாக ஒரு பக்கம்கூட வரையாமல், கையில் இருந்த இரண்டு எண்களிலிருந்தே வந்தது இது. ஸ்நெல் இதைப் போன்ற நெருக்கமான எல்லைகளை 1621-இல் வெளியிட்டார். அவற்றுக்குக் கறாரான நிரூபணம் கொடுத்தவர் ஹைகன்ஸ், 1654-இல்.

பலகோண வழியில் பையின் இலக்கங்களை நீட்டிய கடைசிப் பெருமுயற்சி 1630-இல் கிரீன்பெர்கருடையது; 38 தசம இலக்கம். அதற்குப் பிறகு முடிவிலித் தொடர்கள் வந்தன. கேரளத்தில் மாதவரின் வழிவந்தவர்கள் அந்தப் பாதையில் அதற்கு வெகுகாலம் முன்பே நடந்திருந்தார்கள்.

வீட்டில் வர்க்கமூலப் பொத்தான் உள்ள சாதாரணக் கால்குலேட்டர் இருந்தால், சைன் பொத்தான் இல்லாததே நல்லது. 3-ஐயும் 3.4641016-ஐயும் எழுதிக்கொண்டு, மேலே சொன்ன விதியை இரண்டு முறை போடுங்கள். 24 பக்கத்துக்கு வரும் உள்சுற்றளவை இரட்டித்து, வெளிச்சுற்றளவைக் கூட்டி, மூன்றால் வகுத்துப் பாருங்கள். 3.14164 வர வேண்டும். அது 22/7-ஐவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் நெருக்கமானது.